72 மணி நேரத்தில் ஒரு புயல் நிவாரணத் திட்டம்: தெரியாததையும் சேர்த்து எழுதுவது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னையும் புளியும் சாலையை மறித்துக் கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன, செல்பேசி பேசவில்லை. உள்ளே இருக்கும் ஊர்களில் எத்தனை கூரை போயிற்று என்று சொல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் நிதி தரும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும்: எத்தனை குடும்பம், என்னென்ன பொருள், எவ்வளவு செலவு, மூன்று நாளில் எழுதி அனுப்புங்கள்.

மூன்று நாள் என்பது மிகையில்லை. ஸ்டார்ட் ஃபண்ட் என்ற அவசர நிதியில் எச்சரிக்கை எழுப்பிய 72 மணி நேரத்துக்குள் பணம் யாருக்கு என்று முடிவாகிவிடும், திட்டத்தை 45 நாளில் முடித்தாக வேண்டும். மற்ற நிதிகள் கொஞ்சம் மெதுவானவை, ஆனால் நெருக்கடி ஒன்றுதான். வேகமாக வாங்கினால் கொள்முதல் விதி இடிக்கும். விதிப்படி வாங்கினால் மழை முந்திக்கொள்ளும். தேவை தெளிவாகும்வரை காத்திருந்தால் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

சிறு தொண்டு நிறுவனங்கள் இதில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். தெரியாததைத் தெரிந்தது போல எழுதிவிடுவார்கள். ‘1,247 குடும்பங்களுக்கு பாய் 1,247, போர்வை 2,494’ என்று எழுதினால் முன்மொழிவு பார்க்க உறுதியாக இருக்கும். பத்தாம் நாள் அரசாங்கமே போர்வை கொடுத்துவிடும், அப்புறம் அந்த 2,494 போர்வையும் நம் கழுத்தில்தான். தெரியாததைத் தெரியாததாகவே வரவுசெலவுத் திட்டத்துக்குள் வைக்க முடியும், அதற்கு வழிகள் இருக்கின்றன. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். கஜா நேரத்து வேதாரண்யம் வட்டத்தைக் களமாக வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் 25 லட்சம் ரூபாய்த் திட்டம் கணக்குக் காட்ட நான் போட்டுக்கொண்ட எடுத்துக்காட்டு. விலைகள் தோராயமானவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: களத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தொலைபேசி

வண்டி ஏறுவதற்கு முன்பு நிதி தருபவரின் திட்ட அலுவலரைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் போதும். ஐந்து விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, செலவு எந்தத் தேதியிலிருந்து செல்லும்? ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளிலிருந்துதான் என்றால், அதற்கு முன் நீங்கள் வாங்கிய தார்ப்பாய்க்குப் பணம் வராது. பல நிதியாளர்கள் பேரிடர் நடந்த நாளிலிருந்தே செலவை ஏற்பார்கள், ஆனால் கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு, அனுமதி கேட்காமல் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு பணம் மாற்றலாம்? பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று ஏதோ ஒரு எண் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். எதில் பத்து சதவீதம் என்று கேளுங்கள். 25 லட்சத்தில் பத்து சதவீதம் என்றால் இரண்டரை லட்சம். 1,20,000 ரூபாய்ப் போக்குவரத்துத் தலைப்பில் பத்து சதவீதம் என்றால் வெறும் 12,000. இரண்டுக்கும் நடுவில் உங்கள் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

மூன்று, மூன்று விலைப்புள்ளி வாங்கும் விதிக்கு அவசர காலத்தில் தளர்வு உண்டா? எந்தத் தொகைவரை? அதற்கு யார் கையெழுத்து வேண்டும்?

நான்கு, குடும்பங்களுக்கு ரொக்கம் கொடுக்கலாமா? கூடாது என்று சொல்லும் நிதியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறதா? ஆமாம் என்றால் திட்டத்தின் அமைப்பே மாறும். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அந்த நிறுவனமும் பதிவு பெற்றதாக இருந்தாலும் சரி. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் உச்சவரம்பு. பணம் முதலில் புது டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். கஜா நேரத்தில் பெரிய நிறுவனம் ஒன்று பணம் வாங்கி உள்ளூரில் பதிவு பெற்ற அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. உள்ளூர் அமைப்பு ஆள்பலமும் வழிகாட்டலும் தரலாம், ஆனால் பொருள் வாங்குவதும் பில் கட்டுவதும் உங்கள் கணக்கிலிருந்து நேரடியாக நடக்க வேண்டும். அதற்கு உங்கள் ஆட்கள் எத்தனை பேர் களத்தில் வேண்டும் என்பதை இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளூர் நன்கொடையையும் இந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கவும் கூடாது.

பேசி முடித்ததும் அன்றைக்கே, ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி ஐந்து வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எட்டு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வரும்போது நீங்கள் பேசிய திட்ட அலுவலர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மின்னஞ்சல்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: இரண்டு நாள் களம்

முழுக் கணக்கெடுப்புக்கு நேரம் இல்லை, தேவையும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர்கள் சேதக் கணக்கை எப்படியும் எடுப்பார்கள், அது ஒரு வாரத்தில் ஓரளவு வெளியே தெரியும். உங்கள் வேலை ஆறேழு இடத்தைப் பார்த்து, தேவையின் வகையையும் ஏறக்குறைய அளவையும் பிடிப்பது.

எந்த ஆறு இடம் என்பதில்தான் சூட்சுமம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களுக்கு எல்லோரும் போவார்கள், பத்திரிகைக்காரரும் அங்கேதான் நிற்பார். கஜாவின்போது நிவாரண லாரிகள் சாலையோரத்திலேயே மறிக்கப்பட்டுக் காலியானதும், உள்ளே இருந்த ஊர்கள் காத்துக் கிடந்ததும் அப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். எனவே சாலையோர ஊர் ஒன்று போதும். அடுத்து, ஆறுகாட்டுத்துறை மாதிரி ஒரு மீனவர் ஊர். கோடியக்காடு, அகஸ்தியன்பள்ளி பக்கம் உப்பளத் தொழிலாளர்கள் இருக்கும் ஒரு குடியிருப்பு. ஆயக்காரன்புலம் போல உள்ளே தள்ளி, தோப்பும் விவசாயமுமாக இருக்கும் ஊர். எந்த ஊருக்குப் போனாலும் அதன் தலித் குடியிருப்பை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர்த் தெருவில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும், அங்கே போக நேரமிருக்காது. அது தற்செயலாக நடப்பதில்லை.

‘என்ன வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். லாரியில் எது வரும் என்று நினைக்கிறார்களோ அதைத்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், கடைசியாகக் கூலி கிடைத்தது எப்போது என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாக, பெண் ஊழியர் ஒருவர் கேட்க வேண்டும். பகிரங்கமாகக் கேட்டால் சானிட்டரி நாப்கின் என்ற சொல்லே வெளியே வராது.

கண்ணால் பார்க்கவேண்டியதும் உண்டு. வேதாரண்யம் பக்கம் நடந்து பார்த்தால் ஒன்று புரிந்திருக்கும்: கூரை போட மட்டையும் சவுக்குக் கம்பும் தரையிலேயே கிடக்கின்றன, தோப்பே விழுந்து கிடக்கிறதே. ஆனால் மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைய நாள் பிடிக்கும். முடைவதற்கு ஆள் வேண்டும், கட்டுவதற்குக் கயிறு வேண்டும், அதுவரை தலைக்கு மேல் ஒரு மறைப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. ஆகத் தேவை கூரைப்பொருள் இல்லை. தார்ப்பாயும் கயிறும் கொஞ்சம் கூலிப்பணமும்தான். மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் மூங்கில் வாங்கிக் குவித்திருப்போம்.

தண்ணீரிலும் அதே மாதிரிதான். கிணறும் தொட்டியும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி, அவ்வளவுதான். தேவை தண்ணீர் பாட்டில் இல்லை, ஜெனரேட்டர்.

எண்ணிக்கையை எப்போதும் இரண்டாக எழுதுங்கள், குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு என்று. ‘கூரை முழுதும் போன குடும்பம் 400 முதல் 700’ என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்: ஆறு குடியிருப்பில் தெருத்தெருவாக எண்ணியது இவ்வளவு, மீதி ஊராட்சி எழுத்தர் சொன்னது.

மூன்றாம் படி: மூன்று கூடை

இரண்டாம் நாள் ராத்திரி, பார்த்ததையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் கூடையில், நிலைமை எப்படி மாறினாலும் வீணாகாதவை. தார்ப்பாய் அப்படிப்பட்டது. அரசாங்கம் இன்னொன்று கொடுத்தாலும் ஒன்று மேலே, ஒன்று தரையில் என்று பயன்படும். ஜெனரேட்டர் வாடகைக்குத்தான், மின்சாரம் வந்தால் மறுநாள் நிறுத்திவிடலாம்.

இரண்டாவது கூடையில், வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் எந்த வடிவில் என்று இன்னும் தெரியாதவை. பாத்திரமா, போர்வையா, கையில் பணமா? கடை திறக்குமா, ஏ.டி.எம். எப்போது வேலை செய்யும், அரசு நிவாரணப் பையில் என்ன இருக்கும் என்பதைப் பொறுத்தது இது.

மூன்றாவது, நம்மால் ஆகாதவை. விழுந்த தென்னைகளை அகற்றுவதும் தோப்பை மறுபடி உருவாக்குவதும் அந்த மக்களின் மிகப் பெரிய இழப்பு. தென்னை காய்க்க வருடங்கள் ஆகும். 25 லட்சமும் அறுபது நாளும் கொண்ட திட்டத்தால் அதைத் தொட முடியாது. முன்மொழிவில் ‘இதை நாங்கள் செய்யவில்லை, காரணம் இது’ என்று ஒரு பத்தி எழுதுங்கள். தொட்டும் தொடாமலும் நூறு தென்னங்கன்று கொடுத்துப் படம் எடுப்பதைவிட இது நேர்மையானது. பழைய துணியும் இந்தக் கூடையில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துத் தெருவோரங்களில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்தால் ஒருவரை அனுப்பிவிடுங்கள். எந்த ஊருக்கு யார் போகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான்காம் படி: வரவுசெலவைத் திறந்து வைத்து எழுதுவது

எடுத்துக்காட்டுத் திட்டத்தில் இலக்கு 500 குடும்பம். குடும்பத்துக்குச் சுமார் 4 பேர் என்று வைத்தால் 2,000 பேர்.

உறுதிப் பகுதியை முதலில் போடுவோம். தார்ப்பாய் ஒன்று 1,500, கயிறு 150, ஆகக் குடும்பத்துக்கு 1,650. ஐந்நூறு குடும்பத்துக்கு 8,25,000. அடுத்து ஜெனரேட்டர். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஸ்ஃபியர் என்ற சர்வதேச மனிதாபிமானக் கையேட்டின் அளவுப்படி ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1,500 பேர் இருக்கும் ஊருக்கு 22,500 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடியும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிய ஒரு ஜெனரேட்டர் ஒரே நாளில் மூன்று ஊரைச் சுற்றி வரலாம். ஊருக்கொன்று வேண்டாம், ஆறு ஊருக்கு இரண்டு போதும். வாடகை, டீசல், டிராக்டர் எல்லாம் சேர்த்து நாளைக்கு 6,000 என்றால் இரண்டு ஜெனரேட்டருக்குப் பதினைந்து நாளில் 1,80,000. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 7.5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாருக்குக் கல்யாண மண்டபத்துச் சின்ன ஜெனரேட்டர் தாங்காது. மோட்டார் கிளம்பும் நேரத்தில் மின்னோட்டம் பல மடங்கு இழுக்கும். 15 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் கேளுங்கள், ஊர் மோட்டார் ஆபரேட்டரைக் கூடவே கூட்டிப்போங்கள்.

லாரி, கிடங்கு, ஏற்றி இறக்கும் கூலிக்கு 1,20,000. உறுதிப் பகுதி மொத்தம் 11,25,000.

இப்போது திறந்த பகுதி. ‘குடும்ப உதவி, ரொக்கமாகவோ பொருளாகவோ, குடும்பத்துக்கு 1,800 ரூபாய் மதிப்பில்’ என்று ஒரே தலைப்பாகப் போடுங்கள். 500 குடும்பத்துக்கு 9,00,000. பாய் இத்தனை, வாளி இத்தனை என்று தனித்தனித் தலைப்பாகப் பிரித்தால் ஒவ்வொரு வாளிக்கும் அனுமதிக் கடிதம் எழுத வேண்டி வரும். நிதியாளர் விவரம் கேட்டால் உத்தேசப் பட்டியலை இணைப்பாகக் கொடுங்கள், தலைப்பில் ‘உத்தேசம்’ என்று போட்டு.

திறந்து வைத்தால் மட்டும் போதாது, எப்போது யார் மூடுவார்கள் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நிதியாளருக்கு அது ‘இவர்கள் யோசிக்கவில்லை’ என்றுதான் படும். நம் திட்டத்தில் இப்படி எழுதலாம்:

‘டிசம்பர் 1 அன்று மூன்று கடைத்தெருக்களைப் பார்ப்போம். இரண்டிலாவது மளிகையும் பாத்திரக் கடையும் திறந்திருந்து, பக்கத்து வங்கிக் கிளையில் பணம் எடுக்க முடிந்தால், 1,800 ரூபாயை வங்கிக் கணக்கில் போடுவோம். இல்லையென்றால் அதே மதிப்பில் போர்வை, கொசுவலை, சமையல் பாத்திரம் வாங்குவோம். முடிவைத் திட்ட மேலாளரும் கணக்கு அலுவலரும் சேர்ந்து எடுப்பார்கள். 48 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிப்போம்.’

தேதி, நிபந்தனை, முடிவெடுப்பவர், தகவல் தெரிவிக்கும் கெடு ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான திட்ட அலுவலர்கள் ஒத்துக்கொள்வார்கள். மேலிடத்தில் அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தானே, அவர்கள் கையில் ஒரு வாக்கியம் கொடுக்கிறோம்.

எதிர்பாராச் செலவு என்று ஒரு தலைப்புப் போட்டால் பலர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் கூடுதல் இருப்பாக வையுங்கள்: தார்ப்பாய், கயிறு 90 செட், 1,48,500. பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கும் கிழிந்ததை மாற்றித் தரவும் அது உதவும். ஊழியர், பயணம், கண்காணிப்பு, தணிக்கை எல்லாம் சேர்த்து 3,25,000. மொத்தம் 24,98,500.

ஐந்தாம் படி: வாங்குவது

புயல் அடித்த ஊரில் தார்ப்பாய் விலை மறுநாளே ஏறும், இரண்டாம் நாள் சரக்கே இருக்காது. திருச்சி, கோவை, சென்னை வியாபாரிகளிடம் முதல் நாளே விலை கேளுங்கள். விலைப்புள்ளி வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை, ஆனால் தேதி, ஜி.எஸ்.டி., எத்தனை நாள் செல்லும், எங்கே கொண்டுவந்து இறக்குவார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்டு ஒருவர் மட்டும் பதில் சொன்னால், மற்ற இருவருக்கு அனுப்பிய செய்தியின் படத்தைக் கோப்பில் வையுங்கள். கேட்டோம் என்பதற்கும் அதுதான் சாட்சி.

விதியைத் தளர்த்தும் குறிப்பைப் பணம் கொடுப்பதற்கு முன் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எந்த விதி, ஏன் பின்பற்ற முடியவில்லை, விலை நியாயமானது என்று எப்படித் தெரியும், யார் அனுமதித்தார்கள், தேதி. இதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்துப் பழைய தேதி போட்டு எழுதிய கோப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். குறிப்பில் இருந்த அலுவலகத் தாள் அந்தத் தேதியில் அச்சாகியே இருக்கவில்லை. கொள்முதல் நேர்மையானதுதான், ஆனால் நம்ப யாரும் தயாராக இல்லை.

தார்ப்பாயின் தரத்தைத் தராசு சொல்லும். நிவாரண முகாம்களில் வழக்கமான அளவு 4 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 24 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம் கேட்டிருந்தால் ஒரு பாய் 4.8 கிலோ இருக்க வேண்டும். லாரி வந்ததும் ஏதோ பத்தை உருவி எடைபோடுங்கள். மூன்று கிலோ நின்றால் அது மெல்லிய சரக்கு, ஒரு வெயில் காலத்துக்கே பொடிந்துவிடும். இதற்கு ஆய்வகமும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். எடைபோட்ட சீட்டில் ஓட்டுநரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டீசலுக்கும் கூலிக்கும் கையில் பணம் ஓடும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அறக்கட்டளையின் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு நிற்காது. ஜெனரேட்டர்க்காரருக்கு வங்கி வழியாகவே போடுங்கள், டீசல் பங்கில் கடன் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: யாருக்கு என்ற பட்டியல்

இந்தப் படியில்தான் திட்டங்கள் உடைகின்றன. நிதியாளர் ‘மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருப்பார். கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரோ ‘கொடுத்தால் எல்லாத் தலைக்கட்டுக்கும் கொடுங்க, இல்லாட்டி வேண்டாம்’ என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வருகிறதைச் சமமாகப் பங்கிடுவது அந்த ஊர்களின் பழைய ஒழுங்கு. அதைக் கலைத்துவிட்டு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், சண்டை அங்கேயே இருக்கும்.

இதை விநியோக நாளில் தீர்க்க முடியாது, ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்க்க வேண்டும். பத்தில் எட்டுக் கூரைக்கு மேல் போன சிறு குடியிருப்புகளை முழுதாக எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுங்கள். முன்மொழிவில் ‘இந்தக் குடியிருப்புகளில் பொது விநியோகம், காரணம் சேதத்தின் அளவு’ என்று எழுதினால் நிதியாளரின் விதியும் நிற்கும். மச்சு வீடும் கூரை வீடும் கலந்த பெரிய ஊர்களில் மட்டும் வீடு வீடாகப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். அங்கே அளவுகோல் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். ‘கூரை பாதிக்கு மேல் இல்லை’ என்பதை யாரும் வந்து பார்க்கலாம். ‘ஏழைக் குடும்பம்’ என்பதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வாதாட வேண்டியதுதான்.

குடும்ப அட்டை எண்ணை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தகுதிக்கு வைக்காதீர்கள். புயலில் அட்டை நனைந்து போனவர், கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருப்பவர், வேறு ஊர் அட்டையோடு உப்பளத்துக்கு வந்து தங்கியவர், இவர்களெல்லாம் விட்டுப்போவார்கள். அட்டை இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்து என்று வழி வையுங்கள். பட்டியலை ஒரு நாள் முன்பே ரேஷன் கடைச் சுவரிலோ கோயில் வாசலிலோ ஒட்டிவிட்டு, ஆட்சேபம் சொல்ல ஒரு செல்பேசி எண் எழுதுங்கள். அழைப்பே வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எண் வேலை செய்கிறதா, டவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

லாரியை விடியற்காலையில் நேராகக் குடியிருப்புக்குள் கொண்டுபோங்கள். முந்தின நாளே டோக்கன் கொடுத்திருந்தால் ஐம்பது ஐம்பது பேராகக் கூப்பிடலாம். வழியில் மறித்தால் வாதாட வேண்டாம். மறிப்பவர்களும் நனைந்தவர்கள்தான். அந்த ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வந்து பார்க்க ஓர் ஊழியரை அங்கேயே இறக்கிவிடுவது நல்லது. 90 செட் கூடுதல் இருப்பு பெரும்பாலும் இப்படித்தான் கரையும்.

ஏழாம் படி: பத்தாம் நாளும் இருபதாம் நாளும்

பத்தாம் நாள் தார்ப்பாய் வாங்கிய இருபது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூரை மேல் இருக்கிறதா, மடித்து வைத்திருக்கிறார்களா, விற்றுவிட்டார்களா? மடித்து வைத்திருந்தால் கட்டக் கம்பமோ ஆளோ இல்லை என்று பொருள். விற்றிருந்தால் பணம் இன்னும் அவசரம் என்று பொருள். இரண்டுமே திறந்த பகுதியை ரொக்கமாக்கச் சொல்கின்றன.

டிசம்பர் 1 வந்து ரொக்கம் என்று முடிவானால், நூறு நாள் வேலைக்காகத் திறந்த வங்கிக் கணக்கு அநேகமாக வீட்டுப் பெண் பெயரில் இருக்கும், அதையே பயன்படுத்தலாம். 1,800 போடுவதற்கு முன் எல்லாக் கணக்குக்கும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். உறங்கிப்போன கணக்கும் தப்பாக எழுதிய எண்ணும் அதிலேயே தெரிந்துவிடும். திரும்பி வந்தவர்களை மட்டும் கூப்பிட்டுச் சரிசெய்தால் போதும்.

இருபதாம் நாள் செலவுக் கணக்கைப் பாருங்கள். ஆறு ஊரில் நான்குக்கு மின்சாரம் வந்துவிட்டால் ஜெனரேட்டர் தலைப்பில் பணம் மிஞ்சும். மிஞ்சும் தொகை அனுமதியில்லாமல் மாற்றக்கூடிய வரம்புக்குள் இருந்தால் மாற்றிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். வரம்பு தாண்டினால் அன்றைக்கே கடிதம் எழுதுங்கள். திட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மாற்றம் கேட்டால், ‘முன்னாலேயே தெரிந்திருக்குமே’ என்பார்கள், அதில் பிசகில்லை.

எட்டாம் படி: கணக்கை மூடுவது

பயனாளி கையெழுத்துத் தாளில் பெயர், குடும்ப அட்டை எண் அல்லது சாட்சி, பொருள், தேதி, கையெழுத்து அல்லது ரேகை இருக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் பத்து வரி இருந்தால் தணிக்கையாளர் அங்கேயே நின்றுவிடுவார். ஒருவருக்காக இன்னொருவர் வாங்கியிருந்தால் அதைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அது குற்றமில்லை. வாங்கிய தார்ப்பாய் 590, கொடுத்தது 563, கிழிந்து திரும்பியதற்கு மாற்றாகக் கொடுத்தது 4 என்றால் கிடங்கில் 23 இருக்க வேண்டும். அந்த 23ஐத் திட்டம் முடியும் தேதிக்கு முன்பே ஊராட்சியிடமோ புயல் பாதுகாப்பு மையத்திடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், கிழிந்த நான்குக்கும் ஒரு படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். தேதி தாண்டிவிட்டால் அவை பயன்படாத சரக்கு என்ற கணக்கில் போய், அவற்றுக்கான 34,500 ரூபாயை நிதியாளர் திருப்பிக் கேட்பார்.